ஒரு பில்லுக்கு எவ்வளவு செலவு, எத்தனை நாள் கடன்: கொடுபடு கணக்குப் பிரிவை அளப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன். சப்ளையர்களின் பில்லை வாங்கி, சரிபார்த்து, பதிந்து, பணம் அனுப்பும் வேலைதான் எங்கள் பிரிவில் அதிகம். இந்த வேலை எப்படி நடக்கிறது என்று முதலாளி கேட்டபோதெல்லாம் இரண்டு எண்களைச் சொல்லி வந்தோம். ஒரு பில்லை முடிக்க 100 ரூபாய் ஆகிறது என்பது முதல் எண். சராசரியாக 73 நாள் கழித்துப் பணம் கொடுக்கிறோம் என்பது இரண்டாவது எண். சென்ற ஆண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டுக்கு இரண்டையும் முறையாகக் கணக்கிட்டபோது, முதல் எண் இரு மடங்குக்கு மேல் போயிற்று. இரண்டாவது எண் பாதியை நோக்கி இறங்கிற்று. அந்தக் கணக்கை எந்த வரிசையில் போட்டோம், எங்கெல்லாம் தவறினோம் என்பதை அதே எண்களை வைத்தே இங்கு விளக்குகிறேன்.

முதல் படி: செலவை முழுதாகச் சேர்ப்பது

ஒரு பில்லுக்கான செலவு என்பது எளிய வகுத்தல்தான்.

```
ஒரு பில்லுக்கான செலவு = காலாண்டின் மொத்தச் செலவு ÷ அந்தக் காலாண்டில் முடித்த பில்கள்
```

மேலே வரும் தொகையில் எதைச் சேர்ப்பது, கீழே வரும் எண்ணிக்கையில் எதை எண்ணுவது என்பதில்தான் எல்லாத் தவறும் நடக்கிறது. நாங்கள் முன்பு சொல்லிவந்த 100 ரூபாய், பில் பதியும் இரண்டு உதவியாளர்களின் சம்பளத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. வருங்கால வைப்பு நிதி, போனஸ், பணிக்கொடை எல்லாம் சேர்த்து ஒருவருக்கு மாதம் 36,000 ரூபாய் ஆகிறது. இருவருக்கு மூன்று மாதத்தில் 2,16,000 ரூபாய். அந்தக் காலாண்டில் முடித்த பில்கள் 2,160.

ஆனால் பில் அந்த இருவரின் மேசையோடு முடிந்துவிடுவதில்லை. மூத்த கணக்கர் தம் நேரத்தில் பாதியை இதற்குத்தான் செலவிடுகிறார். அது 1,05,000 ரூபாய். சரக்கு வந்ததா, எடை சரியா என்று ஸ்டோர்ஸுக்கும், ரேட் எது என்று பர்ச்சேஸுக்கும் ஒரு நாளைக்குப் பத்து முறை போன் போகிறது. இரு பிரிவிலும் சேர்த்து மாதம் 70 மணி நேரம், மணிக்கு 200 ரூபாய் வீதம் மூன்று மாதத்துக்கு 42,000 ரூபாய். நிதி மேலாளர் ஒப்புதல் கொடுக்கும் நேரம் 32,400 ரூபாய். மென்பொருள் உரிமத்தில் எங்கள் பங்கு, ஸ்கேன், காகிதம், வங்கிக் கட்டணம் எல்லாம் 24,000 ரூபாய். உட்காரும் இடத்துக்கான வாடகை, மின்சாரம் 45,000 ரூபாய். மொத்தம் 4,64,400 ரூபாய். 2,160 ஆல் வகுத்தால் ஒரு பில்லுக்கு 215 ரூபாய்.

ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ் ஆட்களின் நேரம் எந்தப் பேரேட்டிலும் இருக்காது. அதற்காக நாங்கள் இரண்டு வாரம் ஒரு தாளை ஒட்டி வைத்தோம். பில் தொடர்பாக ஒருவர் கைவைத்த ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம் என்று கோடு போடச் சொன்னோம். முதல் மூன்று நாள் யாரும் எழுதவில்லை, எழுதியவரும் அரை மணியை ஐந்து நிமிடம் என்றுதான் எழுதினார். இந்தத் தாளை வைத்து யாருடைய சம்பளத்தையும் பேசப்போவதில்லை என்று சொன்ன பிறகுதான் உண்மையான நிமிடங்கள் வரத் தொடங்கின. இந்தக் கணக்கைச் செய்ய நினைக்கும் எவரும் அந்த முதல் மூன்று நாள் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

எண்ணிக்கையின் பக்கத்தில் மூன்று வரையறைகளை எழுதி வைத்துக்கொண்டால் போதும். முழுதாகப் பதிந்து பணம் கொடுக்கத் தயாரான பில்லே முடிந்த பில். மேசையில் இருப்பது கணக்கில் வராது. தவறாகப் பதிந்து நீக்கி மறுபடி பதிந்தது ஒரே பில்தான். டெபிட் நோட் தனி பில் இல்லை, அது ஏற்கெனவே எண்ணிய பில்லின் வேலை. இந்த மூன்றையும் காலாண்டுக்குக் காலாண்டு மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: 215 ரூபாயைப் பிளப்பது

சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. 215 ரூபாய் என்பது உண்மையில் எந்தப் பில்லின் செலவும் இல்லை. எங்கள் பில்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பர்ச்சேஸ் ஆர்டர், சரக்குப் பெற்ற குறிப்பு, பில் ஆகிய மூன்றும் ஒத்துப்போய் நேராகப் போய்விடுகிறவை. மீதி 30 சதவீதம் எங்காவது சிக்கிக்கொள்கிறவை. இரண்டு வாரத் தாளின்படி நேராகப் போகும் பில்லுக்கு எல்லாருடைய நேரமும் சேர்த்து 20 நிமிடம். சிக்கிய பில்லுக்கு 75 நிமிடம்.

இதை வைத்துச் செலவைப் பிரித்தோம். 1,512 பில்களுக்குத் தலா 20 நிமிடம், 648 பில்களுக்குத் தலா 75 நிமிடம் என மொத்தம் 78,840 நிமிடங்கள். 4,64,400 ரூபாயை அதால் வகுத்தால் நிமிடத்துக்கு 5 ரூபாய் 89 காசு வருகிறது. அப்படியானால் நேராகப் போகும் பில்லின் செலவு சுமார் 118 ரூபாய். சிக்கிய பில்லின் செலவு சுமார் 442 ரூபாய். எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத பில்கள் மொத்தச் செலவில் 60 சதவீதத்துக்கு மேல் விழுங்கியிருக்கின்றன.

இங்கே ஒரு பில்லை அருகில் வைத்துப் பார்க்கலாம். எங்கள் பொருள்களுக்குத் துத்தநாக முலாம் பூசித் தரும் ஒரு சிறிய பட்டறை பக்கத்துத் தெருவில் இருக்கிறது. கிலோவுக்கு 38 ரூபாய் கூலி. நவம்பர் 4 அன்று சரக்கும் பில்லும் சேர்ந்தே வந்தன. எங்கள் டெலிவரி சலானில் அனுப்பிய எடை 412 கிலோ. பில்லில் 418 கிலோ. ஆறு கிலோவுக்கு 228 ரூபாய் வித்தியாசம். ஸ்டோர்ஸ் 412 என்று குறிப்புப் போட்டது, மென்பொருள் பில்லை நிறுத்தியது, உதவியாளர் பர்ச்சேஸுக்கு மின்னஞ்சல் அனுப்பினார், பர்ச்சேஸ் ஸ்டோர்ஸைக் கேட்டது, பட்டறைக்காரரோ, “முலாம் ஏறினா எடை கூடத்தானே சார் செய்யும், திரும்பி வந்த சரக்கை நீங்க எடை போடலையா?” என்று போனில் கேட்டார். அவர் சொன்னது சரிதான். அவர் பூசிய பிறகு எடை போடுகிறார், நாங்கள் பூசுவதற்கு முன் போடுகிறோம். எந்த எடைக்குக் கூலி என்று ஆர்டரில் எழுதவே இல்லை. பில் பதிவாகும்போது நவம்பர் 21 ஆகிவிட்டது. 228 ரூபாயைக் காப்பாற்ற நாங்கள் செலவிட்டது 442 ரூபாய்க்குக் குறையாது.

இதற்கான மருந்து, இவ்வளவு வித்தியாசம் வரை கேட்காமல் விட்டுவிடலாம் என்று ஓர் எல்லை வைப்பது. எங்களிடம் இப்போது பில் தொகையில் 2 சதவீதம் அல்லது 500 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. முலாம் பில்லில் வந்த வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான் என்பதால், இந்த எல்லை அன்றே இருந்திருந்தால் அது தானாகவே போயிருக்கும். இந்த எல்லையைச் சப்ளையரிடம் சொல்லக் கூடாது. சொல்லாவிட்டாலும் சிலர் கண்டுபிடித்து ஒவ்வொரு பில்லிலும் ஒன்றரை சதவீதம் கூட்டிப் போடுவார்கள். அதனால் எல்லைக்குள் விட்ட தொகையைச் சப்ளையர்வாரியாகக் கூட்டி மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரே பெயர் எப்போதும் ஒரே திசையில் வந்தால் பேச வேண்டிய நேரம் அது. முலாம் வேலைக்கு மட்டும் அனுப்பும் எடைக்கே கூலி என்று ஆர்டரில் ஒரு வரி சேர்த்து, கிலோ கூலியை 50 காசு கூட்டிக்கொடுத்து அந்தச் சண்டையை முடித்தோம்.

ஓர் எச்சரிக்கை: நல்ல காரியம் இந்த எண்ணைக் கெடுக்கும்

லாரிக்காரர்களின் பில்கள் எங்களுக்கு மூன்று மாதத்தில் 640 வரும், ஒவ்வொரு நடைக்கும் ஒன்றாக. எட்டு டிரான்ஸ்போர்ட்காரர்களையும் மாதம் ஒரே பில்லாகத் தரச் சொன்னால் 640 பில்கள் 24 ஆகிவிடும். அதனால் காலாண்டுக்கு 50,000 ரூபாய் வேலை மிச்சமாகும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தச் செலவு 4,14,400 ரூபாயாக இறங்கும். பில்களோ 1,544 ஆகக் குறைந்துவிடும். ஒரு பில்லுக்கான செலவு 268 ரூபாய். செலவு குறைந்திருக்கிறது, ஆனால் எண் 215 இலிருந்து ஏறி நிற்கிறது.

ஆகவே இந்த எண்ணை மட்டும் இலக்காக வைத்தால், பில்களை ஒன்றுசேர்க்க யாருக்கும் மனம் வராது. பிரித்து வாங்கினால் எண் அழகாகத் தெரியும். மொத்தச் செலவு, பில் எண்ணிக்கை, சிக்கிய பில்களின் விகிதம் ஆகிய மூன்றையும் அதே வரியில் எழுதினால்தான் எண் எதனால் அசைந்தது என்று தெரியும். வெளிநாட்டு நிறுவனங்களின் டாலர் கணக்கை ரூபாயாக மாற்றி ஒப்பிடுவதையும் நான் விரும்பவில்லை. அங்கே சம்பளமும் வேறு, கிலோ எடைக்குச் சண்டை போடும் ஜாப் ஒர்க் பில்லும் கிடையாது. போன காலாண்டின் நாமே நமக்குச் சரியான அளவுகோல்.

மூன்றாம் படி: கடன் நாள்களைச் சரியான எண்களால் கணக்கிடுவது

டேஸ் பேயபிள் அவுட்ஸ்டாண்டிங், சுருக்கமாக டிபிஓ, சப்ளையருக்குப் பணம் கொடுக்க நாம் சராசரியாக எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறோம் என்பதைக் காட்டுகிறது.

```
டிபிஓ = (சப்ளையர்களுக்குத் தர வேண்டிய நிலுவை ÷ அந்தக் காலத்தின் கடன் கொள்முதல்) × நாள்கள்
```

டிசம்பர் 31 அன்று இருப்புநிலைச் சுருக்கத்தில் கிரெடிட்டர் குழுவின் தொகை 368 லட்சம். இலாப நட்டக் கணக்கில் கொள்முதல் 460 லட்சம். மூன்று மாதங்களில் 92 நாள்கள். கணக்குப் போட்டால் 73.6 நாள்கள் வருகிறது. எங்கள் முதலாளி ஆண்டுக்கணக்காக வங்கியில் சொல்லிவந்த எண் இந்த முறையில் வந்ததுதான். மேலும் கீழும் ஒரே பொருளைப் பேசுகின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனால் அது எப்படிக் கரைகிறது என்று பாருங்கள்.

அந்த 368 லட்சத்தில் 59 லட்சம், புதிதாக வாங்கிய ஒரு இயந்திரத்துக்குத் தர வேண்டிய பாக்கி. இயந்திரம் கொள்முதல் கணக்கில் வராது, ஆகவே அதன் பாக்கியும் மேலே இருக்கக் கூடாது. நீக்கினால் 309 லட்சம், 61.8 நாள்கள். அடுத்து, சில சப்ளையர்களுக்கு நாம் கொடுத்த முன்பணம் 15 லட்சம் அதே குழுவில் எதிர்ப்பக்கமாக நின்று நிலுவையைக் குறைத்துக் காட்டுகிறது. அதைச் சொத்துப் பக்கத்துக்கு மாற்றினால் நிலுவை 324 லட்சம், 64.8 நாள்கள்.

அடுத்ததைத்தான் பலரும் கவனிப்பதில்லை. சப்ளையருக்குத் தர வேண்டிய பாக்கியில் ஜிஎஸ்டி சேர்ந்தே இருக்கிறது. கொள்முதல் கணக்கிலோ, உள்ளீட்டு வரி வரவு எடுத்துக்கொள்வதால், வரி இல்லாத தொகைதான் இருக்கிறது. இரும்பு, எஃகு, பொறியியல் பொருள்கள் வாங்கும் எங்களுக்கு வரி 18 சதவீதம். வரியோடு இருப்பதை வரியில்லாததால் வகுத்தால் நாள்கள் அதே அளவுக்கு ஊதிப்போகும். கொள்முதலையும் வரியோடு 542.8 லட்சமாக எடுத்தால் 54.9 நாள்கள். ஜிஎஸ்டி கணக்கைத் தனியாக வைத்திருக்கும் இந்திய நிறுவனங்கள், வெளிநாட்டுப் பாடப்புத்தகச் சூத்திரத்தை அப்படியே எடுத்தால் இந்தப் பள்ளத்தில் விழாமல் இருக்க முடியாது.

பிறகு, ஜாப் ஒர்க் கூலி, பராமரிப்பு போன்றவற்றுக்கான பாக்கி கிரெடிட்டரில் இருக்கிறது, ஆனால் செலவு வேறு தலைப்பில் உட்கார்ந்திருக்கிறது. அதன் 62 லட்சத்தைக் கீழே சேர்த்தால் 604.8 லட்சம், 49.3 நாள்கள். கடைசியாக, டிசம்பர் 31 என்ற ஒரு நாளின் நிலுவையை எடுப்பது தவறு. அந்த வாரத்தில் ஒரு பெரிய எஃகுச் சரக்கு வந்திறங்கியிருந்தது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நான்கு மாதக் கடைசிகளின் திருத்திய நிலுவைகள் 262, 270, 280, 324 லட்சம். சராசரி 284 லட்சம். அதை வைத்தால் 43.2 நாள்கள்.

73.6 எங்கே, 43.2 எங்கே! இதில் சப்ளையர் யாருக்கும் ஒரு நாள்கூட முன்னே பின்னே பணம் போகவில்லை.

நான்காம் படி: பதியாத பில்லைத் தேடுவது

43.2 என்பதும் முழு உண்மை இல்லை. இங்கேதான் முதல் அளவும் இரண்டாவது அளவும் ஒன்றையொன்று தொடுகின்றன.

சரக்கு வந்துவிட்டது, பில்லும் வந்துவிட்டது, ஆனால் சிக்கலில் மாட்டிப் பதிவாகாமல் ட்ரேயில் கிடக்கிறது. அந்தப் பில் கிரெடிட்டர் கணக்கில் இல்லை, ஆகவே டிபிஓவிலும் இல்லை. முலாம் பில் நவம்பர் 4 முதல் 21 வரை இருந்த நிலை அதுதான். ஸ்டோர்ஸின் சரக்குப் பெற்ற குறிப்புகளைப் பதிந்த பில்களோடு ஒட்டிப் பார்த்தபோது, ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஏறக்குறைய 21 லட்சம் ரூபாய் பில்கள் இப்படி வெளியே நின்றன. அதைச் சராசரி நிலுவையோடு சேர்த்தால் 305 லட்சம், டிபிஓ 46.4 நாள்கள். ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய அதே தொகை வெளியே நிற்பதால் காலாண்டின் மொத்தக் கொள்முதல் பெரிதாக மாறாது, நிலுவை மட்டுமே மாறும்.

அதாவது, பதிவில் நாங்கள் எவ்வளவு தாமதிக்கிறோமோ, அவ்வளவு நல்ல பிள்ளையாகப் புத்தகத்தில் தெரிகிறோம். பில்லை ஒரு வாரம் மேசையில் வைத்திருக்கும் பிரிவுக்கு, சப்ளையருக்கு விரைவாகப் பணம் கொடுக்கும் பிரிவு என்ற பெயர் வந்துவிடுகிறது. மாதக் கடைசியில் சரக்குப் பெற்ற குறிப்புகளை ஒட்டிப் பார்க்காமல் எடுத்த டிபிஓவை நான் எந்தக் கூட்டத்திலும் வைப்பதில்லை.

ஐந்தாம் படி: சராசரியை உடைத்து, சிறு நிறுவனங்களைத் தனியே பார்ப்பது

46 நாள் என்றால் பார்வைக்கு 45 நாள் வரம்பை ஒட்டித்தான் இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம். அந்த ஆறுதல் ஆபத்தானது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டம், 2006 இன் 15 ஆவது பிரிவின்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியானாலும் 45 நாளுக்கு மிகாமல் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். நடுத்தர நிறுவனங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வாங்கி விற்பதை மட்டும் செய்யும் வியாபாரிகளுக்கு உத்யம் என்ற சிறு தொழில் பதிவு வங்கியின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே என்பதால் அவர்களையும் தனியே வைக்க வேண்டும்.

இந்த நாள்களைச் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்திருந்தால், அந்த ஆட்சேபம் தீர்ந்த நாள் ஏற்ற நாளாகும். இல்லையென்றால் சரக்கு வந்த நாளே ஏற்ற நாள். பர்ச்சேஸில் இருப்பவர் போனில் சத்தம் போட்டதோ, பில்லின் மூலையில் பென்சிலால் வட்டம் போட்டதோ எழுத்து ஆட்சேபம் ஆகாது.

முலாம் பில்லுக்கே திரும்பிப் போவோம். சரக்கு வந்தது நவம்பர் 4. எழுத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. 45 நாள் டிசம்பர் 19 அன்று முடிந்தது. எங்கள் மென்பொருளோ கெடுவைப் பதிவுத் தேதியிலிருந்து எண்ணுமாறு அமைக்கப்பட்டிருந்தது. நவம்பர் 21 இலிருந்து 45 நாள், ஜனவரி 5. நாங்கள் மாதத்தில் 10, 25 ஆகிய தேதிகளில் மட்டுமே பணம் அனுப்புவதால் அது போனது ஜனவரி 10. மொத்தம் 67 நாள்கள். சட்டக் கெடுவைத் தாண்டி 22 நாள்கள். திரையில் அந்தப் பில் ஐந்து நாள்தான் தாமதம் என்று காட்டியது.

இப்படிப்பட்ட பில்களைக் கண்டுபிடிக்க, பணம் கொடுத்து முடித்த ஒவ்வொரு பில்லுக்கும் நான்கு தேதிகளை ஓர் எக்செல் தாளில் எடுத்தோம்: சரக்கு வந்த தேதி, பில் வந்த தேதி, பதிந்த தேதி, பணம் போன தேதி. சப்ளையர் குறு, சிறு வகையா என்பது ஐந்தாவது பத்தி. சரக்கு வந்ததிலிருந்து பணம் போனதுவரை உள்ள நாள்களைத் தொகையால் எடையிட்டுச் சராசரி எடுத்தோம்.

```
சராசரி நாள்கள் = SUMPRODUCT(நாள்கள், தொகை) ÷ SUM(தொகை)
```

குறு, சிறு நிறுவனங்களுக்கு 58 நாள் வந்தது. மற்றவர்களுக்கு 41 நாள். கொள்முதலில் சிறியவர்களின் பங்கு சுமார் 30 சதவீதம். எஃகு டீலர் கெடுவுக்கு மறுநாளே சரக்கை நிறுத்திவிடுவார், அதனால் அவருக்கு ஒழுங்காகப் போயிற்று. கேட்க வாயில்லாத பட்டறைக்காரர் காத்திருந்தார். மொத்த டிபிஓவில் இது எங்கேயும் தெரியவில்லை. காரணமும் தேதிகளிலேயே இருந்தது: நேராகப் போன பில்கள் வந்து 3 நாளில் பதிவாயின, சிக்கியவை 17 நாள் எடுத்தன. எடை, அளவு, கூலி என்று சிக்கும் பில்கள் பெரும்பாலும் ஜாப் ஒர்க் பட்டறைகளுடையவை.

ஆறாம் படி: ஒரு நாளின் விலை

டிபிஓவைக் கூட்டினால் நல்லது என்று நிதிப் பாடம் சொல்லும். எவ்வளவு நல்லது என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 604.8 லட்சத்தை 92 ஆல் வகுத்தால் ஒரு நாள் டிபிஓ 6.57 லட்சம் ரூபாய். எங்கள் கேஷ் கிரெடிட் வட்டி ஆண்டுக்கு பத்தரை சதவீதம் என்பதால், டிபிஓவை ஒரு நாள் கூட்டி ஆண்டு முழுவதும் அப்படியே வைத்திருந்தால் சுமார் 69,000 ரூபாய் வட்டி மிச்சம்.

அந்த மிச்சம் சிறு நிறுவனங்களைக் காக்க வைத்துக் கிடைத்தால் அது மிச்சமே இல்லை. கெடு தாண்டினால் அதே 2006 சட்டத்தின் 16 ஆவது பிரிவு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டு வட்டியாக விதிக்கிறது. பேங்க் ரேட் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அது 18 சதவீதம். பத்தரை சதவீதக் கடனை மிச்சப்படுத்த 18 சதவீதக் கடனை வாங்குவதற்குச் சமம். போதாக்குறைக்கு அந்த வட்டியை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. 2023 ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் கொண்டுவந்த 43பி(எச்) விதி, கெடு தாண்டிய தொகையை உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்று வைத்தது. இது மதிப்பீட்டு ஆண்டு 2024-25 முதல் நடைமுறைக்கு வந்தது. மார்ச் கடைசியில் தேங்கி நிற்கும் பில்கள் அந்த ஆண்டின் வரியைக் கூட்டிவிடும்.

கேஷ் டிஸ்கவுண்ட்டையும் இதே தராசில் வைக்கலாம். எங்கள் டூல்ஸ் சப்ளையர் 45 நாளுக்குப் பதில் 10 நாளில் கொடுத்தால் 2 சதவீதம் தள்ளுபடி தருகிறார். 35 நாள் முன்னதாக 98 ரூபாய் கொடுத்து 2 ரூபாய் பெறுவது ஆண்டுக்கு சுமார் 21 சதவீதம். பத்தரை சதவீதத்தில் கடன் வாங்கியாவது எடுத்துக்கொள்ள வேண்டிய தள்ளுபடி அது. எடுத்தால் டிபிஓ குறையும், குறையட்டும். ஒரு சதவீதத் தள்ளுபடி என்றால் கணக்கு வேறு. அது சுமார் பத்தரை சதவீதத்திலேயே நிற்பதால், லாபமும் இல்லை நட்டமும் இல்லை.

ஏழாம் படி: மாற்றியதும், எண்கள் அசைந்த விதமும்

நாங்கள் மூன்றை மாற்றினோம். வித்தியாச எல்லையை வைத்தோம். குறு, சிறு நிறுவனப் பில்களுக்குக் கெடுவைச் சரக்கு வந்த தேதியிலிருந்து எண்ணச் செய்து, அவற்றுக்கு மட்டும் வாரம் ஒருமுறை பணம் அனுப்பினோம். ஆட்சேபம் இருந்தால் பத்து நாளுக்குள் மின்னஞ்சலில் போக வேண்டும், இல்லையென்றால் பில் பதிவாகிவிடும் என்று பர்ச்சேஸோடு ஒத்துக்கொண்டோம். பெரிய டீலர்கள் சிலரிடம் மட்டும் கெடுவைக் கூட்டிக் கேட்டு வாங்கினோம்.

ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் சிக்கிய பில்கள் 30 சதவீதத்திலிருந்து 18 ஆயின. குறு, சிறு நிறுவனங்களுக்கான நாள்கள் 58 இலிருந்து 41 ஆயின. மற்றவர்களுக்கு 41 இலிருந்து 45 ஆயின. மொத்த டிபிஓ 46 இலிருந்து 44 ஆகியது. இந்த இரண்டு நாள் அசைவை மட்டும் பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காதது போல் தோன்றும்.

ஒரு பில்லுக்கான செலவு 215 இலிருந்து 209 ரூபாய்க்குத்தான் வந்தது. முதலாளி முகம் சுளித்தார். முன்பு 2,160 பில்களுக்கு 1,314 மணி நேரம் ஆனது, இப்போது 2,190 பில்களுக்கு 1,091 ஆகக் குறைந்திருக்கிறது. ஆனால் அதே ஆள்கள், அதே சம்பளம், அதே வாடகை. மிச்சமான 223 மணி நேரத்தை வைத்துச் சம்பளம் குறைவதில்லை. ஒரு ஆளைக் குறைத்தாலோ, அதே ஆள்கள் கூடுதல் பில்களை முடித்தாலோதான் எண் இறங்கும். நாங்கள் அந்த நேரத்தைச் சப்ளையர் ஸ்டேட்மென்ட்டுகளை மாதந்தோறும் ஒட்டிப் பார்க்கக் கொடுத்தோம். முதல் மாதத்திலேயே ஒரே பில்லுக்கு இருமுறை போயிருந்த 86,000 ரூபாய் திரும்பி வந்தது. அந்த வரவு ஒரு பில்லுக்கான செலவில் வராது, டிபிஓவிலும் வராது. ஆகவே அறிக்கையின் அடியில் அதைத் தனி வரியாக எழுதுகிறேன்.

மேலே உள்ள 1,091 மணி நேரமும் பழைய 20, 75 நிமிடங்களை வைத்துப் போட்ட கணக்குதான். எடைச் சண்டை போனபின் சிக்கும் பில்கள் வேறு வகை. இப்போது மிஞ்சியிருப்பவை ஜிஎஸ்டி எண் தவறு, சப்ளையர் ரிட்டர்ன் போடாததால் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற வரி வரவுப் பட்டியலில் வராத பில் போன்றவை, அவற்றுக்கு 75 நிமிடம் போதாது. அதனால் நேரத் தாளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வாரம் மீண்டும் ஒட்டுகிறோம். அடுத்தது தீபாவளி போனஸ் பரபரப்பு முடிந்த பிறகு; அந்த மாதத்தில் எழுதினால் எல்லா நிமிடங்களும் கூடித்தான் வரும்.